புளியும் புள்ளியும்: குறில், நெடில், இரட்டிப்பு

ஒரு மாலை வகுப்பில் சொல்வதெழுதுதல் முடிந்து இரண்டு நோட்டுகளை அடுத்தடுத்துத் திருத்தினேன். முதல் நோட்டு தில்லியில் பிறந்து வளர்ந்து, வேலைக்காகச் சென்னை வந்த இளைஞருடையது. ‘சூதாடிக் கெட்டான்’ என்று நான் சொன்னதை அவர் ‘சூதாடிக் கேட்டான்’ என்று எழுதியிருந்தார். ‘பெட்டி’ என்றது ‘பேட்டி’ ஆகியிருந்தது. இரண்டாவது நோட்டு லண்டனில் வளர்ந்து, விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருந்த பெண்ணுடையது. கெட்டான், பெட்டி இரண்டையும் அவள் சரியாக எழுதியிருந்தாள். ஆனால் ‘கோலத்துக்குப் புள்ளி வைத்தாள்’ என்ற வரி ‘கோலத்துக்குப் புளி வைத்தாள்’ என்று இருந்தது. தில்லிக்காரரின் நோட்டில் புள்ளி புள்ளியாகவே இருந்தது.

ஒருவர் தவறியதில் மற்றவர் தவறவில்லை. இருவரிடமும் ‘கவனமாகக் கேளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இருவருக்குமே பயன் இருந்திருக்காது. ஒருவர் காதில் உயிரின் நீளம் விழவில்லை, அதுவும் குறிப்பிட்ட இரண்டு உயிர்களில் மட்டும். இன்னொருவர் காதில் மெய்யின் நீளம் விழவில்லை, அதுவும் குறிப்பிட்ட சில மெய்களில் மட்டும். இந்த இரண்டு ‘மட்டும்’களும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் பயிற்சிக்கு வேண்டிய சொற்களைப் பொறுக்க முடியும்.

முதலில் அடிப்படை. ஒரே ஓர் ஒலியில் மட்டும் மாறுபட்டு, அந்த மாற்றத்தால் பொருளும் மாறும் இரண்டு சொற்களை மொழியியலார் இணையாக வைத்துப் பார்க்கிறார்கள். கல், கால் அப்படி ஓர் இணை. ககரமும் லகரமும் அப்படியே இருக்க, நடுவில் அகரம் நீண்டதும் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே அகரமும் ஆகாரமும் தமிழில் தனித்தனி ஒலியன்கள். ஒரு குழந்தையைக் கூப்பிடும்போது ‘வா’வை எவ்வளவு இழுத்தாலும் அது வாதான், வேறு சொல் ஆவதில்லை. அந்த இழுப்பு உணர்ச்சிக்கு உரியது. கல்லுக்கும் காலுக்கும் இடையிலுள்ள நீளம் சொல்லுக்கு உரியது. தொல்காப்பியர் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளவிட்டது இந்தச் சொல்லுக்குரிய நீளத்தைத்தான். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. நொடியைக் கடிகாரம் வைத்து அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். குறிலும் நெடிலும் ஒன்றை ஒன்று நோக்கிய விகிதம்தான் முக்கியம். வேகமாகப் பேசுகிறவரின் நெடில், நிதானமாகப் பேசுகிறவரின் குறிலை விடக் குறுகியதாகக்கூட இருக்கலாம். அப்போதும் நமக்குக் குழப்பம் வருவதில்லை.

தில்லிக்காரருக்கு வருவோம். அவர் கல்லையும் காலையும் ஒருநாளும் குழப்பியதில்லை. இந்தியிலும் அ-ஆ, இ-ஈ, உ-ஊ வேறுபாடு உண்டு. போதாததற்கு, அகரத்தைவிட ஆகாரத்துக்கு வாய் சற்று அதிகமாகத் திறக்கிறது. நீளத்தைக் கவனிக்காதவருக்கும் அந்தத் திறப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தேவநாகரியில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில் எழுத்து வழக்கில் இல்லை. அவர் சிறுவயதில் கற்ற எழுத்து முறையில் ஏ, ஓ மட்டுமே இருந்தன. ஆகவே எ எங்கே வந்தாலும் அவருடைய காது அதை ஏ என்ற பெட்டியில் போடுகிறது. அவருடைய பிழைகள் எல்லாம் ஒரே திசையில் போவதைக் கவனிக்க வேண்டும். கெட்டான் கேட்டான் ஆகும், கொட்டை கோட்டை ஆகும், தொட்டி தோட்டி ஆகும். கோட்டையை அவர் கொட்டை என்று எழுதியதே இல்லை. பிழை இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்தால் அது கவனக்குறைவு அன்று. தாய்மொழியில் ஒரு கட்டம் இல்லை என்று பொருள்.

இந்தக் கட்டம் நம் எழுத்திலும் ஒரு காலத்தில் மங்கலாகத்தான் இருந்தது என்பதை அவரிடம் சொன்னபோது ஆறுதலடைந்தார். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, ‘எகர ஒகரத்து இயற்கையும் அற்றே’ என்கிறது. அதாவது குறில் எ, ஒ ஆகியவற்றுக்கும் புள்ளி உண்டு, புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளிகளை விட்டுவிட்டார்கள். அப்போது கெட்டானும் கேட்டானும் ஓலையில் ஒரே உருவம்தான், படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்களும் இரட்டைச் சுழிக் கொம்பும் அந்த வழியில் நிலைபெற்றவை. ஓலையில் புள்ளி போனாலும் இரட்டிப்பு மறையவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கும். புளி இரண்டெழுத்து, புள்ளி மூன்றெழுத்து. மேலே உள்ள புள்ளி உதிர்ந்தாலும் ளகரம் இரண்டு தடவை நின்றுகொண்டிருக்கும்.

லண்டன் பெண்ணுக்கு அந்த இரண்டாவது ளகரம்தான் விழவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யை இரட்டித்து ஒலிப்பதில்லை. ‘ஹேப்பி’ என்ற சொல்லில் எழுத்து இரண்டு இருந்தாலும் ஒலி ஒன்றுதான். இந்திக்காரருக்கு இது பழக்கமான சங்கதி. இந்தியில் முகவரியையும் இலையையும் பிரித்துக் காட்டுவது ஒரு தகரமா இரண்டு தகரமா என்பதுதான். அதனால்தான் அவர் நோட்டில் புள்ளியில் பிழை வரவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு முதலில் புரியவில்லை. இதே பெண் படு-பட்டு, மகள்-மக்கள், பசை-பச்சை எல்லாவற்றையும் பிசகாமல் எழுதினாள். இவற்றிலும் வேறுபாடு இரட்டிப்புதானே? இங்கேதான் வகுப்புகளில் வழக்கமாக நடக்கும் பிழை ஒளிந்திருக்கிறது. தமிழில் வல்லின மெய் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலிந்து ஒலிக்கும். படு என்பதில் டகரம் குரல்நாண் அதிர ஒலிக்கிறது. பட்டு என்பதில் அதிர்வே இல்லை. மகளின் ககரமும் மக்களின் ககரமும் அப்படித்தான். பசையில் சகரம் காற்று உரசி வருகிறது, பச்சையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுகிறது. ஆங்கிலக் காதுக்கு இவை இரண்டு வெவ்வேறு மெய்கள். அந்தப் பெண் நீளத்தைக் கேட்கவே இல்லை. மெய்யின் தன்மையைக் கேட்டே சரியான விடையை எழுதிவிட்டாள்.

ஆகவே, இரட்டிப்பு ஒருவர் காதில் விழுகிறதா என்று அறிய வல்லினம் ஏற்ற கருவி அன்று. மெல்லினமும் இடையினமும்தான் உண்மையான சோதனை. ள தனியாக வந்தாலும் ள, இரட்டித்தாலும் அதே ள, நேரம் மட்டும் கூடுகிறது. கைப்பேசியில் பதிவுசெய்து அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பட்டு என்பதில் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். நாக்கு அடைத்துக்கொண்டு ஒலியே வெளிவராத கணம் அது. புள்ளியில் அப்படி வெற்றிடம் இல்லை. அலை தொடர்ந்து ஓடும், ளகரத்துக்குரிய பகுதி மட்டும் புளியில் இருப்பதைவிட நீண்டிருக்கும்.

எல்லா மெய்யும் இரட்டிக்காது என்பதையும் ஆசிரியர் நினைவில் வைக்க வேண்டும். ரகரமும் ழகரமும் தமிழ்ச் சொற்களில் இரட்டிப்பதில்லை. ‘ரகார ழகாரம் குற்றொற்று ஆகா’ என்பது தொல்காப்பியம். அதாவது தனிக்குறிலை அடுத்து ர், ழ் ஒற்றாக வராது. வேர் உண்டு, யாழ் உண்டு. குறிலுக்குப் பின் ஒற்றாக நிற்கவே முடியாத எழுத்து எப்படி இரட்டிக்கும்? றகரத்தையும் இந்தப் பயிற்சியில் சேர்க்காமல் இருப்பது நல்லது. பெறு, பெற்று என்னும் இரண்டிலும் றகரம் ஒலிக்கும் விதமே வேறு. நீளத்தைச் சோதிக்க அது உதவாது.

உயிரின் நீளமும் மெய்யின் நீளமும் ஒன்றையொன்று அறியாத தனி வேறுபாடுகள் அல்ல. கல் என்பதோடு ஐ சேர்த்தால் கல்லை. கால் என்பதோடு ஐ சேர்த்தால் காலை. பல்லை, பாலை. கண்ணை, தூணை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று பள்ளியில் படித்த விதிதான். பேச்சிலும் கல்லு, பல்லு என்கிறோம், ஆனால் காலு, பாலு என்கிறோம். யாரும் சொல்லித்தராமலேயே ஐந்து வயதுக் குழந்தை இதைச் சரியாகச் செய்கிறது. இந்தச் சாய்வு சொற்கள் சேரும் இடத்திலும் தெரியும். முன் என்பதும் நிலை என்பதும் சேர்ந்து முன்னிலை ஆகிறது. வான் என்பதும் நிலை என்பதும் சேர்ந்தால் வானிலை, னகரம் ஒன்றுதான். கண்ணும் நீரும் கண்ணீர், வாளும் நுதலும் வாணுதல். நெடிலுக்குப் பின் மெல்லினமும் இடையினமும் ஒரு சொல்லுக்குள் இரட்டித்து நிற்பதைத் தமிழ் விரும்புவதில்லை. அதனால் கலை, காலை, கல்லை என்று மூன்று கட்டங்கள் நிரம்பும், ‘கால்லை’ என்ற நான்காவது கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

வல்லினத்திலோ நான்கு கட்டமும் நிரம்பும். அதை ஒரே வேரில் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். சுடு என்ற வினையை எடுத்துக்கொள்வோம். உயிரை நீட்டினால் சூடு, பெயர்ச்சொல் கிடைக்கிறது. மெய்யை இரட்டித்தால் சுட்டு, செயல் முடிந்துவிட்டது. இரண்டையும் செய்தால் சூட்டு, சூடு என்ற பெயர் வேற்றுமை உருபை ஏற்கும் வடிவம். ‘தோசையைச் சுடு’, ‘சூடு போதாது’, ‘சுட்டு வைத்தாள்’, ‘கல்லின் சூட்டில் ஒட்டிக்கொண்டது’. இடையிலோ கடையிலோ வேறு எழுத்து எதுவும் சேரவில்லை. விடு, வீடு, விட்டு, வீட்டு என்பதும் இடு, ஈடு, இட்டு, ஈட்டு என்பதும் இதே வார்ப்பு. படு, பாடு, பட்டு, பாட்டு என்பதிலும் இந்த வார்ப்பு இருக்கிறது, ஆனால் அங்கே பட்டுத்துணியும் பாடல் என்ற பொருளில் பாட்டும் வந்து கலந்துவிட்டன. ‘அவன் பாட்டுக்குப் போய்விட்டான்’ என்று சொல்கிறோமே, அந்தப் பாட்டு பாடல் அன்று. அவன் பாடு அவனுக்கு என்ற பாடுதான் உருபு ஏற்று நிற்கிறது. நீளத்தை இலக்கணக் கருவியாக்கிய மொழி இது. ஓடு-ஓட்டு, மாறு-மாற்று, பெருகு-பெருக்கு என்று தன்வினையைப் பிறவினை ஆக்குவதும் இதே இரட்டிப்புதான்.

இனி வகுப்பறை. நான் செய்கிற முறை நான்கு படிகள் கொண்டது. ஒவ்வொரு படிக்கும் தனிச் சொற்கள் உண்டு, கலந்துவிடக் கூடாது.

முதல் படியில் உயிர் நீளம் மட்டும். மெய்கள் அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்-கால், பல்-பால், விடு-வீடு என்று எளிதானவற்றில் தொடங்கி, விரைவாக எகர ஒகரத்துக்குப் போய்விட வேண்டும். பெட்டி-பேட்டி, கெட்டான்-கேட்டான், எடு-ஏடு, கொட்டை-கோட்டை, தொடு-தோடு, கொடை-கோடை. இந்தி பேசுபவர் குழுவில் இருந்தால் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் செலவாகும்.

இரண்டாம் படியில் மெல்லின, இடையின இரட்டிப்பு. புளி-புள்ளி, பலி-பல்லி, கிளி-கிள்ளி, துளி-துள்ளி, கனி-கன்னி, கனம்-கன்னம், இமை-இம்மை, நமை-நம்மை, கவி-கவ்வி. ஆங்கிலம் முதன்மையாகப் பேசும் மாணவருக்கு உண்மையான வேலை இது.

மூன்றாம் படியில் வல்லினம். மகள்-மக்கள், பசை-பச்சை, படு-பட்டு, எடு-எட்டு. இது பெரும்பாலும் எளிதாக முடிந்துவிடும். இதைக் கடைசிக்கு முன் வைப்பதன் காரணம், முதலில் வைத்தால் மாணவரும் ஆசிரியரும் ‘இரட்டிப்பு தெரிந்துவிட்டது’ என்று ஏமாந்துபோவதுதான்.

நான்காம் படியில் நான்கு கட்டச் சதுரம். இதற்கு நான் மிகவும் விரும்புவது அடை, ஆடை, அட்டை, ஆட்டை. நான்கும் வீட்டுச் சொற்கள், நான்கையும் படமாக வரைந்துவிடலாம். ஆட்டை என்பது ஆடு உருபேற்ற வடிவம் என்பதால் படத்தில் ஒருவர் ஆட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியது இதுதான். ஆசிரியர் இரண்டு சொற்களை அடுத்தடுத்துச் சொல்கிறார். ஒன்றா, வேறா என்று மாணவர் அட்டையைக் காட்ட வேண்டும். ‘புளி, புள்ளி’ என்பது போலவே ‘புள்ளி, புள்ளி’ என்றும் ‘புளி, புளி’ என்றும் இடையிடையே வர வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் கேட்காமலேயே ‘வேறு’ அட்டையைத் தூக்கிக்கொண்டிருப்பார். பிறகு ஒரே சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். அந்த வாக்கியத்தைத் தேர்வதில் எனக்குச் சில தடவை சறுக்கியது. ‘பட்டு என்று எழுதுங்கள்’ என்றால் வேகத்தில் பட்டென்று ஆகிவிடுகிறது, கடைசி உகரம் போய்விடுகிறது. அடுத்த சொல் க, ச, த, ப என்று தொடங்கினால் இடையில் ஒற்று மிகுந்து, தேவையில்லாத இன்னோர் இரட்டிப்பு காதில் விழுகிறது. இப்போது ‘புள்ளி மட்டும் எழுதுங்கள்’, ‘படு மட்டும் எழுதுங்கள்’ என்கிறேன். மகரம் எதையும் குலைப்பதில்லை.

ஆசிரியர் மிகைப்படுத்தக் கூடாது. ‘புள்ள்ள்ளி’ என்று சொன்னால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், தெருவில் இறங்கியதும் மறுபடி தவறுவார்கள். வேறு ஒருவரை இயல்பான வேகத்தில் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்து ஒலிக்கவிடுவது இதற்கு நல்ல வழி.

பேசும்போது வரும் பிழை வேறு வகையானது. புள்ளியைப் புரிந்துகொண்ட பிறகு லண்டன் பெண், ‘பல்லைத் தேய்த்தேன்’ என்று சொல்ல முயன்று ‘பாலைத் தேய்த்தேன்’ என்றாள். இது பின்னடைவு அன்று. சொல்லை நீட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, எந்த இடத்தில் நீட்டுவது என்பதில்தான் தவறினாள். யாப்பில் பல்லை, பாலை இரண்டுமே நேர் நேர். முதல் அசையின் கனம் ஒன்றேதான். பல் என்பது ஒன்றரை மாத்திரை, பா என்பது இரண்டு. அரை மாத்திரைதான் வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரே நேரம். புளி என்றால் நிரை, அதிலிருந்து புள்ளிக்கு வர அசையே மாற வேண்டும். அந்த மாற்றத்தை அவள் செய்துவிட்டாள், நேரத்தை உயிருக்குக் கொடுத்துவிட்டாள்.

இதைத் திருத்த விளக்கம் உதவாது, நாக்கு உதவும். ‘பல்’ என்று சொல்லி நிறுத்தச் சொன்னேன். நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டியபடியே இருக்க வேண்டும், எடுக்கக் கூடாது. விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டியதும் அங்கிருந்தே ‘லை’ என்று விட வேண்டும். பாலை சொல்லும்போது தட்டு விழும் நேரத்தில் வாய் திறந்திருக்கும். பல்லை சொல்லும்போது நாக்கு ஒட்டியிருக்கும். தட்டு விழும் கணத்தில் நாக்கு எங்கே இருக்கிறது என்று அவளே கவனித்துக்கொள்ளலாம், ஆசிரியர் வேண்டியதில்லை. கிள்ளி, துள்ளி, கன்னம், நம்மை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். நம்மையில் நாக்குக்குப் பதில் உதடு மூடியிருக்கும்.

முடிவில் ஒரு சிறு அட்டவணை போடுகிறேன். நான் சொன்ன சொல் ஒரு பக்கம், மாணவர் எழுதியது மறுபக்கம். மொத்தம் எத்தனை சரி என்று எண்ணுவதில்லை, பிழைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்கிறேன். எ எல்லாம் ஏ ஆகி, ஏ எதுவும் எ ஆகாமல் இருந்தால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும். வல்லினம் எல்லாம் சரியாக இருந்து ல, ள, ன, ம ஆகியவற்றில் மட்டும் ஒற்று விடுபட்டால் இரண்டாம் படிக்கு. எழுதுவது சரியாக இருந்து, பேசும்போது மட்டும் பல்லை பாலையானால் காதுக்கு வேலை முடிந்தது, மேசைத் தட்டலுக்கு வர வேண்டும். இரு திசையிலும் சமமாகத் தவறினால் அது பெரும்பாலும் ஊகம். அந்தச் சொற்கள் அவருக்குத் தெரியாதவையாக இருக்கலாம், முதலில் பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும்.

தில்லிக்காரர் இப்போது கெட்டான்-கேட்டானை அநேகமாகப் பிரித்துவிடுகிறார். ‘வெட்டு’ என்றும் ‘வேட்டு’ என்றும் வேகமாகச் சொன்னால் இன்னும் ஒரு கணம் நின்று யோசிக்கிறார். லண்டன் பெண் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பாட்டி வீட்டு வாசலில் கோலம் போட்டாள். எத்தனை புள்ளி என்று கேட்டேன். ஏழு புள்ளி, ஏழு வரிசை என்றாள். ளகரத்தில் நாக்கு நின்று வந்தது.